டம்ளர் ஏன் வியர்க்குது? புது டீச்சர் தங்கச்சிக்குச் சில டிப்ஸ்

நீராவி குளிர்ந்தா நீராகும்னு உனக்குத் தெரியும், பி.எஸ்சி. படிச்சவளாச்சே. ஆனா ஐஸ் தண்ணி டம்ளரோட வெளிப்பக்கம் நனைஞ்சிருக்கறதைக் காட்டினா, உன் டெல்லி ஏழாம் வகுப்புல பல பசங்க "மேம், அந்தர் ஸே ரிஸ் ரஹா ஹை"ன்னு, அதாவது உள்ளேருந்து கசியுதுன்னு சொல்லுவாங்க. ஏன் அப்படிச் சொல்றாங்க, எதைக் காட்டினா மாறுவாங்கன்னு தெரிஞ்சுக்கறது வேற அறிவு. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986ல எழுதின கட்டுரையில அதைத் தனியாப் பிரிச்சுப் பேசினார். கற்பித்தல்சார் பாட அறிவுன்னு சொல்லலாம்.

அந்தப் பதில் அசட்டுப் பதில் இல்ல. வீட்டு மட்கா நிஜமாவே கசியுது, கசியறதாலதான் குளிருது. அதனால "தப்பு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு ஆளுக்கொரு படம் வரையச் சொல்லு. அம்புக்குறி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தாலே யார் என்ன நினைக்கறாங்கன்னு தெரிஞ்சிடும்.

பல டீச்சர்கள் உடனே ரூஹ் அஃப்ஸா ஊத்திக் காட்டுவாங்க. வெளியே சிவப்பு வராது. ஆனா கெட்டிக்காரப் பையன் "ஸ்டீல் கலரை வடிகட்டிடுச்சு"ம்பான். எடை போட்டா அவனுக்கும் பதில் கிடைக்கும். மூடி இறுக்கமான ஸ்டீல் பாட்டில்ல ஐஸ் போட்டு, வெளியே நல்லாத் துடைச்சு, ஒரு கிராம் வரை காட்டற சமையல் தராசுல வை. அரை மணி கழிச்சு, துடைக்காம மறுபடி பாரு. உள்ளேருந்து கசிஞ்சிருந்தா எடை கூட வழியில்ல. கூடியிருந்தா வெளியேருந்துதான் வந்திருக்கணும்.

இதை ஜூலை, ஆகஸ்ட்ல செய். மே மாசம் லூ அடிக்கறப்போ காத்துல ஈரம் கம்மி. தராசு அசையறதே சந்தேகம், வகுப்பு உன்னைத்தான் சந்தேகப்படும்.

அடுத்து "குளிரே தண்ணியாயிடுச்சு"ன்னு ஒரு குழு கிளம்பும். நியூசிலாந்துப் பிள்ளைங்களும் இதையே சொன்னதா ஆஸ்போர்னும் காஸ்குரோவும் 1983லயே பதிவு செஞ்சிருக்காங்க. ஃப்ரீசர்ல வச்ச ரெண்டு காலி டம்ளரை எடு. ஒண்ணை வெளியே வை, இன்னொண்ணைச் சின்ன டப்பாவுல போட்டு இறுக்கி மூடு. ரெண்டும் ஒரே குளிர்தான். டப்பாவுக்குள்ள இருக்கற கொஞ்சக் காத்துல ஈரமும் கொஞ்சம்தான்; அந்த டம்ளர்ல லேசா மங்கல் மட்டும் இருக்கும், வெளியே வச்சது சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும்.

பரீட்சையில விளக்கம் கேட்காதே, மனப்பாடமா எழுதிடுவாங்க. இப்படிக் கேளு: ஜனவரி காலையில கூட்டமான பஸ்ஸோட கண்ணாடியில எந்தப் பக்கம் நனையும்? ஆகஸ்ட்ல ஏசி போட்ட கார்க் கண்ணாடியில எந்தப் பக்கம்? முதல்ல உள்ளே, ரெண்டாவதுல வெளியே. ரெண்டுக்கும் ஒரே பதில் எழுதினவங்களைக் குறிச்சுவச்சுக்கோ. மறுநாள் அவங்களோட அந்தப் பழைய படத்தை எடுத்து வச்சு, இப்போ அம்புக்குறி எங்கே போடுவீங்கன்னு கேளு.