கெழு அட்டவணையை இடமிருந்து வலமாகப் படிப்போம்

ஆய்வேட்டுக்காகவோ செயலாராய்ச்சிக்காகவோ தொடர்புப் போக்குக் கணக்கை முதன்முறையாகக் கணினியில் செய்யும் மாணவர்களுக்கு நான் வகுப்பெடுப்பதுண்டு. திரையில் அட்டவணை வந்ததும் பலருடைய கண் நேராகக் கடைசி நிரலுக்குப் போகிறது. அங்கே நட்சத்திரக் குறி இருந்தால் ஆய்வு முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் கடைசி இரண்டு நிரல்களும் அவற்றுக்கு இடப்பக்கம் உள்ளவற்றிலிருந்து பிறப்பவை. எனவே இடமிருந்து வலமாகப் படிப்பதே சரியான முறை.

ஆர் மென்பொருளுடன் சேர்ந்தே வரும் `cars` என்ற தரவை எடுத்துக்கொள்வோம். 1920களில் பதிவான 50 அளவீடுகள் இதில் உள்ளன. காரின் வேகம் மணிக்கு மைல் கணக்கிலும், அது நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரம் அடிக் கணக்கிலும் தரப்பட்டுள்ளன. `summary(lm(dist ~ speed, data = cars))` என்று தட்டச்சு செய்தால் வரும் விடையின் நடுவில் இந்த அட்டவணை இருக்கும்:

```
            Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept) -17.5791     6.7584  -2.601   0.0123 *
speed         3.9324     0.4155   9.464 1.49e-12 ***
```

முதலில் `speed` நிரையைப் பார்ப்போம். முதல் நிரல் மதிப்பீடு. வேகம் மணிக்கு 1 மைல் கூடினால், நிற்கும் தூரம் சராசரியாக 3.93 அடி கூடுகிறது என்பது இதன் பொருள். அலகைச் சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்லக் கூடாது. தூரத்தை அங்குலத்தில் எழுதினால் இதே கெழு 47.19 ஆகிவிடும். கெழு பெரிதாக இருப்பதால் மட்டும் தொடர்பு வலுவானது ஆகிவிடாது.

இரண்டாவது நிரல் திட்டப் பிழை. பிழை என்ற சொல்லைக் கேட்டதும், கணக்கில் தவறு நேர்ந்துவிட்டதோ என்று மாணவர் பயப்படுவார். அப்படியில்லை. இதே போன்ற வேறு 50 அளவீடுகளை எடுத்திருந்தால் கெழு சற்றே மாறியிருக்கும். அந்த மாற்றம் வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்பதையே 0.4155 சொல்கிறது. மதிப்பீட்டின் இருபுறமும் ஏறத்தாழ இரண்டு திட்டப் பிழை தூரம் சென்றால் 3.1 முதல் 4.8 வரை ஓர் இடைவெளி கிடைக்கும். இதுவே 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி.

மூன்றாவது நிரலில் உள்ள டி மதிப்பு, முதல் நிரலை இரண்டாவதால் வகுத்து வந்த ஈவு. 3.9324 ÷ 0.4155 = 9.464. அதாவது, மதிப்பீடு பூச்சியத்திலிருந்து ஒன்பதரைத் திட்டப் பிழை தள்ளி நிற்கிறது. அங்குலத்துக்கு மாற்றினால் மதிப்பீடும் திட்டப் பிழையும் ஒன்றுபோலப் பன்னிரண்டு மடங்காகும்; ஈவு மாறாது.

நான்காவது நிரல் பி மதிப்பு. வேகத்துக்கும் தூரத்துக்கும் உண்மையில் தொடர்பே இல்லை, கெழு பூச்சியம்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தற்செயலாக இவ்வளவு பெரிய டி மதிப்பு, எந்தத் திசையிலாவது, கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதே இந்த எண். இன்மை எடுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு அல்ல இது. `1.49e-12` என்பதை 1.49 என்று படிப்பவர்களும் உண்டு. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்று நினைவூட்டினாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். இது 1.49-ஐ பத்தின் அடுக்கு கழித்தல் 12-ஆல் பெருக்கிய மிகச் சிறிய எண். ஆய்வேட்டில் 0.001-க்கும் குறைவு என்று எழுதினால் போதும்.

இனி `(Intercept)` நிரை. வேகம் பூச்சியமாக இருக்கும்போது நிற்கும் தூரம் −17.58 அடி என்கிறது இது. நிற்கும் காருக்கு இந்த எண்ணால் பொருளில்லை. ஆனாலும் இங்கே பி மதிப்பு 0.0123, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் உண்டு! நேர்கோடு அச்சை வெட்டும் இடம் பூச்சியமா என்பதை மட்டுமே அந்த நட்சத்திரம் சொல்கிறது. அந்தக் கேள்வியை நாம் கேட்கவேயில்லை.

இன்னும் ஒன்றைச் சோதிக்கலாம். தரவிலேயே உள்ள மிகக் குறைந்த வேகம் மணிக்கு 4 மைல். கோட்டின்படி −17.58 + 4 × 3.93 = −1.86 அடி. உண்மையில் அளந்தவை 2 அடியும் 10 அடியும். பி மதிப்பு எவ்வளவு சிறிதாக இருந்தும், குறைந்த வேகத்தில் கோடு தவறுகிறது. பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வதால், உண்மையான உறவு சற்று வளைந்தது. நேர்கோடு பொருத்தமா என்பதை இந்த அட்டவணை சொல்லாது. அதற்கு `plot(cars)` என்று வரைபடம் போட்டுப் பார்க்க வேண்டும்.

வகுப்பில் இதைப் பயிற்றுவிக்க, கடைசி இரண்டு நிரல்களை மறைத்து அட்டவணையைக் கொடுக்கிறேன். மாணவர் டி மதிப்பைத் தாமே வகுத்துக் கண்டுபிடித்து, பிறகு ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: "மணிக்கு 4 முதல் 25 மைல் வரையிலான வேகத்தில், 1 மைல் கூடும்போது நிற்கும் தூரம் சராசரியாக 3.9 அடி கூடுகிறது. நம்பிக்கை இடைவெளி 3.1 முதல் 4.8 அடி." அலகு, வீச்சு, இடைவெளி மூன்றும் அந்த வாக்கியத்தில் இருந்தால், அவர் அட்டவணையைப் படித்துவிட்டார் என்று கொள்ளலாம்.