வரிசைப்படுத்திய தாயத்தில் k ஆவது சிறிய பெறுமானத்தைக் காணல்

கீழுள்ள தாயத்தில் ஒவ்வொரு நிரையும் இடமிருந்து வலமாகவும், ஒவ்வொரு நிரலும் மேலிருந்து கீழாகவும் ஏறுவரிசையில் உள்ளன.

```
2   6  12
4   9  14
7  13  20
```

இதில் 5 ஆவது சிறிய பெறுமானம் யாது?

முதல் நிரையின் 12, இரண்டாம் நிரையின் 4 ஐ விடப் பெரிது. எனவே நிரைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் ஏறுவரிசை கிடைக்காது. ஆகவே இங்கு துவிதத் தேடலை மூலகங்களின் இடத்தின் மீதன்றி, பெறுமானத்தின் மீது செய்கிறோம். மிகச் சிறிய மூலகம் 2 கீழெல்லை (`lo`). மிகப் பெரிய மூலகம் 20 மேலெல்லை (`hi`).

```
while lo < hi:
    mid = (lo + hi) // 2
    if count(mid) >= k:
        hi = mid
    else:
        lo = mid + 1
```

`count(mid)` என்பது `mid` இற்குச் சமமான அல்லது அதனிலும் சிறிய மூலகங்களின் எண்ணிக்கை. இதனைக் கணிக்க இடதுபக்கக் கீழ்மூலையில் தொடங்குக. அங்குள்ள மூலகம் `mid` ஐ விடப் பெரிதாயின் ஒரு படி மேலே செல்க. இல்லையேல் அதையும் அந்நிரலில் அதற்கு மேலுள்ளவற்றையும் கூட்டி, ஒரு படி வலப்புறம் செல்க. தாயத்திற்கு வெளியே வந்ததும் நிறுத்துக.

`mid` = 11 எனின்: 7 சிறிது, ஆகவே முதல் நிரலின் 3 மூலகங்களையும் கூட்டுக. 13 பெரிது, மேலே செல்க. 9 சிறிது, 2 ஐக் கூட்டுக. 14, 12 ஆகியன பெரியவை. மொத்தம் 5.

| lo | hi | mid | count |
|---|---|---|---|
| 2 | 20 | 11 | 5 |
| 2 | 11 | 6 | 3 |
| 7 | 11 | 9 | 5 |
| 7 | 9 | 8 | 4 |
| 9 | 9 | – | – |

விடை 9 ஆகும்.

முதல் வரியை அவதானியுங்கள். எண்ணிக்கை 5 ஆகிவிட்டது என்று அங்கேயே நிறுத்தினால் விடை 11 என வரும். ஆனால் 11 தாயத்திலேயே இல்லை! 9, 10, 11 ஆகிய மூன்றிற்கும் எண்ணிக்கை 5 தான். அவற்றுள் மிகச் சிறியதே விடை. 8 இற்கு எண்ணிக்கை 4, 9 இற்கு 5. இவ்வாறு எண்ணிக்கை கூடுவது 9 தாயத்தில் இருப்பதனாலேயே. இதனால் `mid` தாயத்தில் இல்லாவிடினும், இறுதி விடை எப்போதும் தாயத்தின் மூலகமாகவே அமையும்.

நிபந்தனையில் `>=` இற்குப் பதிலாக `==` இடுவதும் தவறு. ஒரே மூலகம் பலமுறை வந்தால் எண்ணிக்கை k ஐத் தாண்டிச் செல்லக்கூடும். சரியாக k என ஒருபோதும் வராது.

n × n தாயத்தில் ஒருமுறை எண்ணுவதற்கு 2n இலும் குறைந்த ஒப்பீடுகளே தேவை. 1000 × 1000 தாயத்தில் பெறுமானங்கள் 1 முதல் 1,000,000 வரையாயின், 20 சுற்றுகளில், அதாவது 40,000 இற்கும் குறைந்த ஒப்பீடுகளில் விடை கிடைக்கும். மூலகங்களோ பத்து இலட்சம். எனினும் மேற்படி செய்நிரல் நிறையெண்களுக்கு மட்டுமே பொருந்தும். தசம எண்களாயின் `mid + 1` ஒரு மூலகத்தைத் தாண்டிவிடலாம்.

பயிற்சி: இதே தாயத்தில் k = 7 ஆயின் அட்டவணையை நிரப்புக.
(விடை: `mid` முறையே 11, 16, 14, 13, 12, 7 ஆவது சிறிய பெறுமானம் 13.)