கிரிக்கெட் போட்டிக்கு ஸ்பான்சர்: நன்கொடைக் கடிதம் போதுமா?

விளையாட்டுப் போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களிடமிருந்து வங்கிக் கிளைகளுக்கு ஆண்டுதோறும் கடிதங்கள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை, "தங்களால் இயன்ற உதவியைச் செய்து இளைஞர்களை ஊக்குவிக்க வேண்டுகிறோம்" என்ற வரியோடு முடிகின்றன. எவ்வளவு தொகை வேண்டும், அதற்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் கடிதத்தில் விடை இராது. எங்களிடம் வந்தாலும் சரி, அடுத்த தெருவிலுள்ள நிறுவனத்திடம் சென்றாலும் சரி, அத்தகைய கடிதத்திற்குக் கிடைப்பது பெரும்பாலும் 1,001 ரூபாயும் ஒரு புன்சிரிப்பும்தான்.

நன்கொடை வேறு, ஸ்பான்சர் தொகை வேறு. முன்னது மனமிரங்கிக் கொடுப்பது. பின்னது விளம்பரத்தை விலைக்கு வாங்குவது. 1963-இல் இங்கிலாந்தில் ஒருநாள் கிரிக்கெட் கோப்பைப் போட்டி தொடங்கியபோது, ஜில்லட் நிறுவனம் 6,500 பவுண்டு கொடுத்து அதனோடு தன் பெயரை இணைத்துக்கொண்டது. சவர பிளேடு வாங்கும் ஆண்களே அப்போட்டியின் பார்வையாளர்களாகவும் இருந்தனர் என்பதே அங்கிருந்த கணக்கு. நம் பக்கத்திலும் சான்று உண்டு. மைசூரு வாரியர்ஸ் அணியின் உரிமையாளர், அகர்பத்தி தயாரிக்கும் மைசூரு நிறுவனமான என்.ஆர். குழுமம். 2024-இல் அந்த அணி மகாராஜா கோப்பையை வென்றபோது ஊர்ப்பெயரோடு நிறுவனத்தின் பெயரும் செய்திகளில் இடம்பெற்றது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைப் படிப்படியாகப் பார்ப்போம். 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்து, இன்று சாமராஜநகர மாவட்டத்தில் உள்ள மாதேஸ்வரன் மலையின் இளைஞர் மன்றம் ஒன்று மூன்று நாள் டென்னிஸ் பந்துப் போட்டி நடத்த விரும்புகிறது. 16 அணிகள், 8 ஓவர் ஆட்டங்கள், தோற்றவர் வெளியேறும் முறை. ஆகவே மொத்தம் 15 ஆட்டங்கள். கொள்ளேகாலில் உள்ள இருசக்கர வாகன விற்பனை நிறுவனம் ஒன்றை அணுகலாம் என்பது மன்றத்தின் எண்ணம். தேர்வு பொருத்தமானதே. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் 176 ஆட்டக்காரர்களும் அவர்களுடைய நண்பர்களும், அந்நிறுவனம் எவரைத் தேடி விளம்பரம் செய்கிறதோ அந்த வயதினர். முன்மொழிவின் முதல் பத்தியில் எழுத வேண்டியது இதுவே. மன்றத்தின் வரலாற்றை இறுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வரவு செலவு. பரிசுத் தொகை 40,000, பந்தலும் ஒலிபெருக்கியும் 18,000, உணவும் குடிநீரும் 16,000, நடுவர் முதலான பிற செலவுகள் 26,000 என மொத்தம் 1,00,000 ரூபாய் ஆகிறது. அணிக்கு 1,000 வீதம் நுழைவுக் கட்டணமாக 16,000 வரும். எஞ்சிய 84,000 ரூபாயையும் ஒரே நிறுவனத்திடம் கேட்பது உசிதமன்று. முதன்மை ஸ்பான்சரிடம் 50,000, துணை ஸ்பான்சர்கள் இருவரிடம் தலா 15,000 என்று பிரித்து, மீதி 4,000 ரூபாயை மன்ற உறுப்பினர்களே செலுத்துவதாகக் காட்டினால் நம்பிக்கை கூடும். தம் பணத்தையும் போடுகிறவர்களிடம்தான் பிறர் பணம் கொடுக்கத் துணிவர்; கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் எங்களுக்கு இது பழக்கமான உண்மை.

இனி, ஸ்பான்சருக்குக் கிடைக்கும் பயன். "தங்கள் நிறுவனத்திற்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்ற வாக்கியத்திற்கு மதிப்பில்லை. கண்ணுக்குத் தெரிவதையும் எண்ணக்கூடியதையும் எழுத வேண்டும். இப்போது கிராமப் போட்டிகளும் கைப்பேசி வழியே நேரலையாகின்றன. பந்து வீசுபவரின் பின்புறம் நிலையாக வைத்த கைப்பேசியில், விக்கெட் கீப்பருக்கு அப்பால் எல்லைக்கோட்டில் உள்ள பதாகை ஒவ்வொரு பந்துக்கும் படத்தில் தெரியும். 15 ஆட்டங்கள் முழுமையாக நடந்தால் 1,440 பந்துகள். ஆகவே மைதானத்தைச் சுற்றிப் பத்துப் பதாகைகள் கட்டுவதைவிட, அந்த ஓரிடத்தை முதன்மை ஸ்பான்சருக்கு ஒதுக்குவது மேல். எதிர்முனையில், மட்டையாளர் பார்வைக்கு நேரே, பதாகை கட்டலாகாது. பந்து தெரியவில்லை என்று முதல் ஆட்டத்திலேயே சச்சரவு எழும்.

பதாகை எதனால் ஆனது என்பதும் முக்கியம். கர்நாடகத்தில் 2016 முதல் பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸுக்குத் தடை இருக்கிறது; மலையைச் சூழ்ந்திருப்பதோ வனவிலங்குச் சரணாலயம். அதிகாரிகள் அகற்றிய பதாகையால் ஸ்பான்சருக்கு ஏற்படுவது அவப்பெயரே. துணிப் பதாகை, கன்னடத்திலும் தமிழிலும் எழுத்துகள் என்று முன்மொழிவிலேயே குறிப்பிட வேண்டும்.

பயன் குறித்த பகுதியை இவ்வாறு அமைக்கலாம்: "போட்டியின் பெயருக்கு முன்னால் தங்கள் நிறுவனத்தின் பெயர், நேரலையில் தெரியும் 12 அடிப் பதாகை, பரிசளிப்பு மேடையில் தங்கள் வாகனம் ஒன்று, எண்ணிட்ட 300 இலவச வாகனப் பரிசோதனைக் கூப்பன்கள். இருசக்கர வாகனத் துறையில் வேறு எவரையும் ஸ்பான்சராக ஏற்கமாட்டோம்." இவற்றுள் கூப்பனே நிறுவனத்திற்கு மிகவும் பயனுள்ளது. ஒரு மாதத்திற்குள் எத்தனை கூப்பன்கள் கடைக்குத் திரும்பி வந்தன என்று எண்ணிப் பார்த்தால், போட்டியால் வந்த வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும்.

கடைசி வாக்கியத்தில் உள்ள உறுதிமொழிதான் அதிகமாக மீறப்படுவது. இறுதி ஆட்டத்திற்கு முதல்நாள் வேறொரு வாகன விற்பனையாளர் 5,000 ரூபாயோடு வருவார்; மறுப்பது கடினமாக இருக்கும். ஏற்றுக்கொண்டால் அடுத்த ஆண்டின் 50,000 ரூபாய் போயிற்று. முன்னறிவிப்பின்றி அரசியல் பிரமுகர்களின் படங்கள் மேடையில் தோன்றுவதும் இதே விளைவைத் தரும்.

முன்மொழிவை நிறுவனத்தில் எவரிடம் கொடுப்பது? சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கேட்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். தன் பொருளுக்கு விளம்பரப் பயன் பெறுவதற்காக ஒரு நிறுவனம் செய்யும் ஸ்பான்சர் செலவு அந்நிதியில் சேராது என்பது 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதி. மேலும், ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய் போன்ற வரம்புகளை எட்டாத நிறுவனங்களுக்கு அக்கடமையே இல்லை. எனவே விற்பனை அல்லது விளம்பரப் பொறுப்பாளரைத்தான், போட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் சந்திக்க வேண்டும்.

பணம் வரும் வழியையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. விளம்பரத்திற்காகத் தரும் தொகை 30,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் அதில் வருமான வரியைப் பிடித்தம் செய்யும். மன்றத்திற்கு அது 2 சதவீதம். ஆகவே 50,000-க்கு 49,000 வரும். பிடித்த 1,000 ரூபாய் மன்றத்தின் பான் எண்ணில் வரவாகும். கணக்குத் தாக்கல் செய்து உரியதைத் திரும்பப் பெறலாம். பான் எண் இல்லையெனில் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். பதிவு பெற்ற கம்பெனியாகவோ கூட்டு நிறுவனமாகவோ உள்ள ஸ்பான்சர், இத்தகைய மன்றத்திற்குத் தரும் தொகைமீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யைத் தானே அரசுக்குச் செலுத்த வேண்டும். இது 9,000 ரூபாய். தகுதி இருப்பின் அதனை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அவர்களுடைய கணக்கரின் தயக்கம் குறையும்.

காசோலையோ மின்னணுப் பரிமாற்றமோ மன்றத்தின் பெயரிலுள்ள கணக்கிற்கே வர வேண்டும். செயலாளரின் சொந்தக் கணக்கு எண்ணைக் கண்டதும் பல நிறுவனங்கள் பின்வாங்கும். மன்றத்தின் தீர்மானம், பான், கணக்கை இயக்குவோரின் அடையாளச் சான்றுகள் ஆகியவற்றோடு வங்கியை அணுகலாம். கணக்கு திறக்கச் சில நாட்கள் ஆகும் என்பதால், இதனை முன்மொழிவு தரும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

தொகையில் 30,000-ஐப் போட்டிக்கு இரு வாரங்களுக்கு முன்பும், மீதி 20,000-ஐ அறிக்கை அளித்த பின்பும் பெறுவதாக மன்றமே முன்வந்து எழுதலாம். மழையால் போட்டி தள்ளிப்போனால் மாற்று நாள் எது என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். அறிக்கை இரண்டு பக்கம் போதும்: தேதியிட்ட பதாகைப் படங்கள், நேரலையைப் பார்த்தோர் எண்ணிக்கை, வழங்கிய கூப்பன்களின் வரிசை எண்கள், செலவுக் கணக்கு. போட்டி முடிந்த பத்து நாட்களுக்குள் அதனை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அடுத்த ஆண்டுத் தேதியையும் அன்றே சொல்லிவிட்டு வரலாம்.