பெயரும் சின்னமும் தெளிவாகத் தெரிய: போர்ட் பிளேர் நேரலை அனுபவம்

போர்ட் பிளேரில் நடக்கும் தமிழர் விழாவை நேரலையில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். இராமநாதபுரத்தில் ஒரு சித்தி, தூத்துக்குடியில் ஒரு மாமா, கச்சல் தீவில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். எல்லோர் கையிலும் கைபேசிதான். நடுவில் வந்து பார்ப்பவருக்கு இரண்டே கேள்விகள்: இது யார் நடத்தும் விழா, பேசுவது யார்? முதல் கேள்விக்கு மூலையில் நிற்கும் லோகோ பதில். இரண்டாவதற்குக் கீழே வரும் பெயர்ப்பட்டை பதில். இந்த இரண்டையும் ஓபிஎஸ் ஸ்டூடியோவில் எப்படி அமைக்கிறேன் என்பதை, ஒரு பொங்கல் விழாவுக்குச் செய்த ஏற்பாட்டை வைத்தே சொல்கிறேன். கருவிகள் எளியவை: விண்டோஸ் மடிக்கணினி ஒன்று, கேமரா ஒன்று.

முதலில் திரையளவு

2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் திறக்கப்படும் வரை இத்தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே பெரிதும் நம்பியிருந்தன. சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள அந்தக் கேபிள் போர்ட் பிளேரோடு ஸ்வராஜ் த்வீப், ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா உள்ளிட்ட வேறு ஏழு தீவுகளையும் இணைக்கிறது. இப்போது இங்கிருந்து நேரலை அனுப்புவது இயல்பாகிவிட்டது. ஆனாலும் மண்டபத்தில் கிடைக்கும் இணைப்பு வேறு, பார்ப்பவரின் இணைப்பு வேறு. அதனால் நான் 1280×720 அளவில், 2500 கேபிபிஎஸ் வேகத்தில் அனுப்புகிறேன்.

`Settings → Video` பக்கத்தில் `Base (Canvas) Resolution`, `Output (Scaled) Resolution` இரண்டையும் 1280x720 என்றே வைக்க வேண்டும். மேலே 1920, கீழே 1280 என்று விட்டால், நாம் வைத்த எழுத்து அனுப்பும்போது சுருக்கப்பட்டு ஓரங்கள் மங்கும். முகத்தில் அந்த மங்கல் தெரியாது; தமிழ் எழுத்தின் புள்ளியிலும் சுழியிலும் உடனே தெரியும்.

லோகோ

விழாக் குழுவினர் லோகோவை வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்புவார்கள். அப்படி வரும்போது அது சுருக்கப்பட்டு ஜேபெக் கோப்பாகிவிடும். பின்னணி ஒளிபுகும் தன்மை போய், வட்ட லோகோவைச் சுற்றி வெள்ளைச் சதுரம் நிற்கும். அதே பிஎன்ஜி கோப்பை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் இருந்தபடியே வந்து சேரும்.

அதை 120×120 பிக்சலுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு, `Sources` பட்டியலின் கீழுள்ள கூட்டல் குறியை அழுத்தி `Image` என்பதைத் தேர்ந்து கோப்பைக் காட்டுகிறேன். பிறகு `Ctrl+E` அழுத்தினால் `Edit Transform` திறக்கும். அதில் `Positional Alignment` என்பதை `Top Right` ஆக்கி, இடத்தை 1216, 36 என்று கொடுக்கிறேன். திரையின் வலது ஓரத்திலிருந்து 64 பிக்சலும் மேலிருந்து 36 பிக்சலும் தள்ளி நிற்கும். இரண்டுமே திரையளவில் 5 சதவீதம். வலது மேல் மூலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஃபேஸ்புக் தன் நேரலைக் குறியை இடது மேல் மூலையில் போடுகிறது. யூடியூபில் திரையைத் தொட்டதும் கீழ்ப்பக்கத்தில் ஓட்டப்பட்டை வந்துவிடும்.

ஊர்ப் பெயரை லோகோ படத்துக்குள் சேர்க்காமல், தனி எழுத்துச் சோர்ஸாக அதன் கீழே வைக்கிறேன். 2024 செப்டம்பர் 13-இல் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. அரசு விருந்தினர் வரும் விழாவில் குழு புதிய பெயரைக் கேட்கும். உறவுக்காரர்களுக்காக நடத்தும் விழாவில் பழைய பெயரும் வேண்டும் என்பார்கள். தனிச் சோர்ஸாக இருந்தால் ஒரு வரியை மாற்றினால் போதும்.

பெயர்ப்பட்டை

பட்டை மூன்று அடுக்கு: கீழே ஒரு `Color Source`, அதன்மேல் பெயர், அதன்மேல் பொறுப்பு. ஓபிஎஸ் பட்டியலில் மேலே இருப்பதே திரையிலும் மேலே தெரியும் என்பதால் வண்ணப்பட்டை கடைசியில் இருக்க வேண்டும். பட்டைக்கு 620×104 அளவு, 64, 580 என்ற இடம். கீழே சரியாக 36 பிக்சல் மிஞ்சும்.

பட்டையைக் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும்படி வைக்கப் பலர் விரும்புவார்கள். நான் முழு அடர்நிறமாகவே வைக்கிறேன். பின்னால் கோலாட்டக்காரர்கள் அசையும்போது அந்த அசைவு பட்டைக்குள்ளும் தெரியும். 2500 கேபிபிஎஸ்ஸில் அதைச் சுருக்கும்போது எழுத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாகக் கலங்கும். அசையாத அடர்நிறத்தின்மேல் வெள்ளை எழுத்து கூர்மையாக நிற்கும்.

எழுத்துக்கு `Text (GDI+)`. பெயருக்கு 44, பொறுப்புக்கு 28. கைபேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவருக்கு 1280 பிக்சல் அகலமும் சுமார் 7 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கணக்கில் 44 பிக்சல் என்பது ஏறக்குறைய 2.4 மி.மீ. பெயரை அதற்கும் சிறிதாக்கினால் பெரியவர்கள் படிக்கச் சிரமப்படுவார்கள். பொறுப்பு வரி சிறிதாக இருப்பதால் அதில் "தலைவர், விழாக் குழு" போல இரண்டு மூன்று சொற்களுக்குமேல் எழுதுவதில்லை.

பெயரின் நீளம்தான் அடுத்த சிக்கல். 'மணி' என்றும் வரும், முன்னெழுத்துகளோடு 'மீனாட்சிசுந்தரம்' என்றும் வரும். குழுவில் ஒரு பெரியவர், "தம்பி, பேரை முழுசாப் போடுங்க, அவங்க வீட்டுல பாப்பாங்க" என்றார். நீண்ட பெயர் பட்டைக்கு வெளியே வழியக் கூடாது, குட்டிப் பெயர் ஊதிப் பெரிதாகவும் கூடாது. இதற்கு `Edit Transform` பக்கத்திலேயே வழி இருக்கிறது. `Bounding Box Type` என்பதில் `Maximum size only` தேர்ந்து, பெட்டியின் அளவை 580×56 என்று கொடுத்து, பெட்டிக்குள் எழுத்து இடப்பக்கம் நடுவில் நிற்கும்படி அமைத்துவிட்டால் போதும். பெரிய பெயர் மட்டும் பெட்டிக்குள் அடங்கச் சுருங்கும். சிறிய பெயர் தன் அளவிலேயே நிற்கும்.

தமிழ் சரியாக விழுகிறதா?

விண்டோஸில் `Text (GDI+)` தமிழைச் சரியாகக் காட்டும். மேக், லினக்ஸ் கணினிகளில் கிடைக்கும் `Text (FreeType 2)` எழுத்துகளை வந்த வரிசையில் அப்படியே அடுக்குவது. இந்திய மொழிகளுக்குத் தேவையான எழுத்துச் சேர்க்கையை அது செய்வதில்லை. 'தேவி' என்று அடித்தால் கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'முருகன்' என்று அடித்தால் மு, ரு இரண்டும் உருவாகாமல் உகரக்குறி தனியே தொங்கும். எந்தக் கணினி கிடைத்தாலும் இந்த இரண்டு சொற்களை முதலில் அடித்துப் பார்த்துவிடுங்கள். உடைந்தால், ஒவ்வொரு பெயரையும் இங்க்ஸ்கேப்பில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கி, `Image` சோர்ஸாகவே வைத்துவிடலாம்.

எழுத்துரு நிர்மலா யுஐ. விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் எல்லாம் அதில் உண்டு. எங்கள் மேடையில் இத்தனை மொழிக்காரர்களும் ஏறுவார்கள். விருந்தினர் பெயரை அவர் மொழியில் போட வேண்டியிருந்தாலும் எழுத்துருவை மாற்ற வேண்டாம். மெல்லிய வகை வேண்டாம், போல்ட் வகைதான் சுருக்கத்தைத் தாங்கும்.

பெயர்ப் பட்டியல் அச்சகத்திலிருந்து வந்தால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த அழைப்பிதழை நகலெடுத்து ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குவியலாக வரும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, அச்சிட்ட அழைப்பிதழோடு ஒரு முறை ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ண-ன, ர-ற பிழைகளும் விட்டுப்போன முன்னெழுத்தும் அப்போதுதான் கண்ணில் படும்.

பெயரை மாற்றுவது எப்படி?

மேடையில் வரிசை மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் பேசும்போதே அடுத்தவர் பெயரைத் தயார் செய்ய வேண்டும். ஸ்டூடியோ மோடில் இடப்பக்கத் திரையில் மாற்றினால் வெளியே போகாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தப் பெயர்ச் சோர்ஸ் ஒன்றேதான் என்பதால், அதன் எழுத்தை மாற்றியவுடன் வலப்பக்கத்தில் ஓடும் நேரலையிலும் பெயர் மாறிவிடும். இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் பெயர் அவர் முகத்தின் கீழே வந்து நிற்கும். இதைத் தடுக்க `Duplicate Sources` என்ற அமைப்பு இருக்கிறது. நான் அதைவிட எளிய வழியைப் பின்பற்றுகிறேன்.

பட்டையையும் இரண்டு எழுத்து வரிகளையும் சேர்த்துத் தனி சீனாக `NAME-A` என்று வைக்கிறேன். அதேபோல் தனக்கென்று தனி எழுத்துச் சோர்ஸ்கள் கொண்ட `NAME-B` இன்னொன்று. கேமரா சீனில் இரண்டையும் `Scene` சோர்ஸாகச் சேர்த்து, கண் குறியை மூடிவைக்கிறேன். அந்தச் சீன்களைத் திறந்து எழுதும்போது அவை வெளியே போகாதிருக்க ஸ்டூடியோ மோடு இயக்கத்தில் இருக்க வேண்டும்; காட்டும் விசை நேரலையில் உடனே வேலை செய்ய அதன் `Duplicate Scene` அமைப்பை அணைத்திருக்க வேண்டும். A திரையில் இருக்கும்போது B-யில் அடுத்த பெயர். B வரும்போது A-யில் அதற்கடுத்த பெயர். திரையில் இருப்பதைத் தொடுவதே இல்லை. `Settings → Hotkeys` பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் காட்ட ஒரு விசை, மறைக்க ஒரு விசை. சோர்ஸின்மேல் வலச்சொடுக்கி `Show Transition`, `Hide Transition` இரண்டிலும் `Fade`, 300 மில்லி விநாடி. இரண்டாவது கேமரா சேர்ந்தாலும் இதே சீன்களை அங்கும் இணைத்தால் போதும்.

பெயர் எப்போதும் திரையில் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் பேசத் தொடங்கியதும் சுமார் எட்டு விநாடி காட்டுகிறேன். நீண்ட பேச்சாக இருந்தால் நடுவில் மறுபடி ஒரு முறை. லோகோ மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை.

கிளம்பும் முன் ஒரு சோதனை

மடிக்கணினித் திரையில் எல்லாமே அழகாகத் தெரியும். அதை நம்பக் கூடாது. `Settings → Output` பக்கத்தில் பதிவின் தரத்தை `Same as stream` ஆக்கி, மேடைக்கு முன் ஆட்களை நடக்கவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்கிறேன். மிக நீண்ட பெயரையும் மிகச் சிறிய பெயரையும் அதில் காட்டுகிறேன். பிறகு அந்தப் பதிவைக் கைபேசியில் ஏற்றி, வெயிலில் நின்று கைநீட்டு தூரத்தில் பார்க்கிறேன். பொறுப்பு வரியைப் படிக்க முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். எழுத்தோரம் கலங்கினால் பின்னணியையும் எழுத்தின் தடிமனையும் பார்க்க வேண்டும்.

வேறு மடிக்கணினியில் இதே ஏற்பாட்டைக் கொண்டுபோக `Scene Collection → Export` இருக்கிறது. அந்தக் கோப்பில் அமைப்பு மட்டுமே போகும். லோகோ படம் போகாது, எழுத்துருவும் போகாது. அதனால் ஏற்றுமதிக் கோப்பு, லோகோ பிஎன்ஜி, யூனிகோடில் உள்ள பெயர்ப் பட்டியல் மூன்றையும் ஒரே கோப்புறையில் வைத்து விழாக் குழுவிடம் கொடுத்துவிடுகிறேன். அடுத்த ஆண்டு வேறொருவர் கணினி முன் உட்கார்ந்தாலும், படம் எங்கே என்று ஓபிஎஸ் கேட்கும்போது அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும்.