மார்ச் 31இல் வரிக் கணக்கை எப்படி மூடுவது?

உயர்தரத்தில் கணக்கீடு படித்துவிட்டு நெல்லியடிச் சந்தியில் ஒரு ஹார்ட்வெயார் கம்பனிக்குக் கணக்கு எழுதப் போகிறீர்களா? பரீட்சைத்தாளில் "செலுத்திய வருமானவரி" என்று ஒரே வரியில் தொகை தந்திருப்பார்கள். கடையில் கிடைப்பது கோவையில் குத்தி வைத்த வங்கிச் சீட்டுகள்தான். ஆண்டிறுதி வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

முதலில் திகதிகள். மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, அதற்குப் பிறகு மே 15. மிச்சத்தை செப்டெம்பர் 30க்குள் கட்ட வேண்டும், விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், நாலாவது தவணை ஆண்டு முடிந்த பிறகே வருகிறது. ஆகவே ஒழுங்காக வரி கட்டும் கம்பனிக்கும் மார்ச் 31இல் வரி சென்மதி இருப்பது வழமை. அதைக் கண்டு முதலாளி பதறினால் இதைச் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கம்தான் ஆளை விழுத்துவது. இந்த ஆண்டு மே மாதமும் செப்டெம்பரும் கட்டிய பணம் போன ஆண்டு வரிக்கு உரியது. காசேட்டுத் திகதியைப் பார்த்துப் பிரித்தால் இரண்டு ஆண்டுகளும் கலந்துவிடும். சீட்டில் இருக்கும் வரிக் காலக் குறியீட்டைப் பார்த்து, ஆண்டுவாரியாக இரண்டு கட்டாகப் பிரித்து வையுங்கள்.

2026 மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்கு ஒரு கம்பனியை எடுப்போம். வரிக்கு முந்திய இலாபம் 3,700,000 ரூபா. இதில் நேரே 30 வீதம் போடக்கூடாது. கணக்கில் கழித்த பெறுமானத்தேய்வு 800,000ஐத் திரும்பக் கூட்டி, வரிச் சட்டம் தரும் மூலதனக் கொடுப்பனவு 500,000ஐக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 4,000,000. அதில் 30 வீதம் 1,200,000. இதுதான் இந்த ஆண்டுக்கான ஏற்பாடு: வருமானவரிச் செலவுக்கு வரவு, வரிச் சென்மதிக்குச் செலவு. (பிற்போடப்பட்ட வரியை இங்கே விட்டுவிடுகிறேன், அதைக் கணக்காய்வாளரோடு இருந்து செய்யுங்கள்.)

இனிச் சென்மதிக் கணக்கின் வரவுப் பக்கம். மூன்று தவணை, ஒவ்வொன்றும் 240,000, மொத்தம் 720,000. இதோடு பலர் மறக்கிற ஒன்று உண்டு: நிலையான வைப்பு வட்டியில் வங்கி பிடித்த 10 வீதம். வங்கிக் கூற்றில் 540,000 வந்திருக்கும். உழைத்த வட்டி 600,000 என்றே எழுதி, 60,000ஐ இந்தக் கணக்கில் வரவு வையுங்கள். வங்கியிடம் அதற்கான சான்றிதழையும் வாங்குங்கள், அது இல்லாமல் அந்தக் கழிவைக் கேட்பது கஷ்டம்.

போன ஆண்டிலிருந்து வந்த ஆரம்ப மீதி 310,000. அதற்காக மேயிலும் செப்டெம்பரிலும் கட்டியது 295,000, கணக்கும் தீர்ந்துவிட்டது. எஞ்சிய 15,000 போன ஆண்டின் மிகை ஏற்பாடு. போன ஆண்டுக் கணக்கைத் திறந்து திருத்தத் தேவையில்லை. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 12இன்படி இந்த ஆண்டு வரிச் செலவில் குறைத்தால் போதும். வருமானக் கூற்றில் 1,185,000 வரும்.

இப்போது கூட்டுங்கள். செலவுப் பக்கம் 310,000உம் 1,200,000உம் சேர்ந்து 1,510,000. வரவுப் பக்கம் 295,000, 15,000, 720,000, 60,000. மீதி 420,000, நடைமுறைப் பொறுப்பு. சரிபார்க்க ஒரு வழி: மே 15 தவணை 240,000, செப்டெம்பரில் கட்ட வேண்டியது 180,000. இரண்டையும் கூட்டினால் அதே 420,000. இந்த இரண்டாகப் பிரித்த துண்டை முதலாளியிடம் கொடுங்கள். அவருக்குத் தேவை காசு எப்போது போகும் என்பதுதான். பிந்தினால் மாதம் 1.5 வீத வட்டி ஏறும், தண்டம் வேறு.

புதியவர்கள் செய்கிற பிழை, தவணை கட்டும்போதே வரிச் செலவில் எழுதிவிட்டு, ஆண்டிறுதியில் முழு ஏற்பாட்டையும் மறுபடி போடுவது. செலவு 1,920,000 ஆகிவிடும். பிடிப்பது லேசு: 3,700,000 இலாபத்தில் அது பாதிக்கும் மேல். வரி வீதம் 30 ஆயிருக்க, பெரிய காரணம் இல்லாமல் அப்படி வரவே வராது.

வியாபாரம் படுத்து, வரி 690,000 மட்டுமே என்று வந்தால்? கட்டியதும் பிடித்ததும் 780,000. மிச்சம் 90,000 வரி வருமதி, நடைமுறைச் சொத்து. பொறுப்புக்குள் கழித்தல் குறியோடு ஒளித்து வைக்காதீர்கள். மே 15க்கு முன் மதிப்பீட்டுக் கூற்றைத் திருத்திக் கொடுத்தால் நாலாவது தவணையைக் கட்டத் தேவையில்லை. அந்த 90,000ஐ மீளக் கேட்கலாம், அல்லது இனி வரும் வரிக்குக் கழிக்கக் கேட்கலாம். மீளக் கேட்டால் திணைக்களம் கோவையைத் திறந்து பார்க்கும் என்று எண்ணியே, தவணைச் சீட்டுகளையும் வட்டிச் சான்றிதழ்களையும் அன்றே ஒன்றாகக் கட்டி வையுங்கள்.