நான்கு வரம்புகளும் ஒரு வீடும்



வீடு வாங்க முனையும் நம்மவர் பலரும் வங்கியிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "என் சம்பளத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?" கேள்வி தவறன்று; ஆனால் அரைகுறையானது. வங்கி சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. வருமானம், முன்னமே உள்ள கடன்கள், வயது, வீட்டின் மதிப்பு ஆகிய நான்கையும் பார்க்கிறது. முதல் மூன்றும் சேர்ந்து ஒரு தொகையைத் தரும். நான்காவது தனியே வேறொரு தொகையைத் தரும். இரண்டில் எது சிறியதோ அதுவே கடன். வணிகவியல் மாணவனாகிய நான் இதனை வகுப்பில் கற்கவில்லை. என் சித்தப்பாவுக்குத் துணையாக வங்கிப் படியேறிக் கற்றேன்.

சித்தப்பா தாராவியில் பிறந்தவர். தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் குடியேறினார். அந்தக் குடிசைக்கு நிலப்பட்டா இல்லை. ஆகவே அதனை அடகு வைத்து எந்த வங்கியிலும் வீட்டுக் கடன் பெற இயலாது. முதலில் மாதுங்காவில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. அது 'பகடி' முறையில் இருந்தது. அதாவது விற்பவர் உரிமையாளர் அல்லர், வாடகைதாரர். உரிமை இல்லாத இடத்தை ஈடாக ஏற்க வங்கி மறுத்துவிட்டது. பிறகுதான் செம்பூரில் ஒரு படுக்கையறை உள்ள வீடு, 96 லட்ச ரூபாய்க்கு, கண்ணில் பட்டது. "கை நழுவிவிடப் போகிறது" என்று சித்தப்பா அன்றே 1 லட்சம் முன்பணம் கொடுத்தார். தவறு அங்கேதான் தொடங்கியது.

அவருக்கு வயது 48. கைக்கு வரும் சம்பளம் மாதம் 90,000. அக்காவின் திருமணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனுக்கு மாதத் தவணை 12,000. கையிருப்பு 27 லட்சம்.

வங்கி அலுவலர் தாளில் கணக்கிட்டதை அப்படியே சொல்கிறேன். வருமானத்தில் பாதிதான் எல்லாத் தவணைகளுக்குமாகச் சேர்த்துப் போகலாம் என்பது அவ்வங்கியின் விதி. (இவ்வளவு வங்கிக்கு வங்கி, வருமானத்துக்கு வருமானம் மாறும், 40 முதல் 60 விழுக்காடு வரை காணலாம்.) 90,000இல் பாதி 45,000. அதில் பழைய தவணை 12,000 கழிய மீதி 33,000. புதிய வீட்டுக்காக அவர் மாதந்தோறும் தாங்கக்கூடியது இவ்வளவே.

அடுத்து வயது. சம்பளக்காரரின் கடன் அவர் ஓய்வு பெறும் வயதுக்குள் தீர வேண்டும் என்று வங்கி எதிர்பார்க்கிறது. 60இல் ஓய்வு என்றால் மீதி 12 ஆண்டுகள். வட்டி 8.5 விழுக்காடு எனக் கொண்டால், 1 லட்சத்தை 12 ஆண்டில் அடைக்க மாதம் 1,110 ரூபாய் வேண்டும். 20 ஆண்டில் அடைக்க 868 போதும். 33,000ஐ 1,110ஆல் வகுத்தால் கிடைப்பது 29 லட்சத்து 70 ஆயிரம். சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய கடனில் மீதி இருந்தது வெறும் 2 லட்சம். ஆனால் வங்கி அந்த மீதியைக் கழிக்கவில்லை. மாதத் தவணையைக் கழித்தது. 12,000ஐ 1,110ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 10 லட்சத்து 80 ஆயிரம்! இரண்டு லட்சக் கடன் பதினொரு லட்சக் கடனை விழுங்கி உட்கார்ந்திருந்தது. அதனை மறைக்கவும் வழியில்லை. கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் எல்லாத் தவணைகளும் வந்துவிடுகின்றன. எனவே கையிருப்பிலிருந்து 2 லட்சம் கட்டி அதனை முடித்தோம்.

பின்னர் சித்தப்பாவின் மகன், 24 வயது, மாதம் 40,000 சம்பாதிப்பவன், இணைக் கடனாளியாகவும் வீட்டின் கூட்டு உரிமையாளனாகவும் சேர்ந்தான். இருவர் வருமானம் 1,30,000, பாதி 65,000. மூத்தவர் வயதையே பிடித்துக்கொள்ளும் வங்கிகளும் உண்டு; இளையவர் வயதை ஏற்பனவும் உண்டு. நாங்கள் சென்ற வங்கி இளையவரை ஏற்று 20 ஆண்டுகள் தர இசைந்தது. 65,000ஐ 868ஆல் வகுக்க, ஏறத்தாழ 74 லட்சத்து 90 ஆயிரம்! வென்றுவிட்டோம் என்று எண்ணினோம்.

அப்போதுதான் நான்காம் வரம்பு குறுக்கிட்டது. வங்கியின் மதிப்பீட்டாளர் பழைய கட்டடத்தைப் பார்த்து 90 லட்சம் என்று எழுதிவிட்டார். விலை, மதிப்பு இரண்டில் குறைந்ததையே வங்கி எடுக்கும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 90 லட்சத்தில் அது 72 லட்சம். விலையில் மீதி 24 லட்சம் எங்கள் பொறுப்பு. முத்திரைத் தீர்வை 6 விழுக்காடு, 5 லட்சத்து 76 ஆயிரம். பதிவுக் கட்டணம் 30,000. இவற்றை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் தர இயலாது. ஆக, எங்களுக்குத் தேவை 30 லட்சத்து 6 ஆயிரம். கையில் இருந்ததோ 25 லட்சமும், விற்பவரிடம் கொடுத்த 1 லட்சமும். நான்கு லட்சம் குறைந்தது.

"நாலு லட்சம்தானே, வெளியே வாங்கிக்கொள்ளலாம்" என்றார் சித்தப்பா. கணக்கிட்டுப் பார்த்தேன். 12 விழுக்காட்டு வட்டியில் ஐந்தாண்டுத் தனிநபர் கடனாக 4 லட்சம் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 8,900. அதனை 65,000இல் கழித்து 868ஆல் வகுத்தால் வீட்டுக் கடன் 64 லட்சத்து 60 ஆயிரமாகச் சுருங்கும். நான்கு லட்சம் வாங்கப் போய் ஏழு லட்சத்துக்கு மேல் இழப்போம்!

ஆகவே அந்த வீட்டை விட்டோம்; முன்பணம் திரும்பவில்லை. முன்பண ரசீதில் 'வங்கிக் கடன் கிடைக்காவிடில் பணம் திருப்பித் தரப்படும்' என்ற ஒரு வரி இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். மதிப்பீடு முடியும் முன் கிடைக்கும் வங்கி இசைவு வருமானத்தைப் பற்றியதே. வீட்டைப் பற்றியதன்று என்பதையும் அன்றே அறிந்தோம்.

சில மாதங்கள் கழித்து, செம்பூரிலேயே 84 லட்சத்துக்கு வேறொரு வீடு அமைந்தது. மதிப்பீடும் அதுவே. கடன் 67 லட்சத்து 20 ஆயிரம். எங்கள் பங்கு, தீர்வையும் கட்டணமும் உட்பட, 22 லட்சத்து 14 ஆயிரம். கையிலிருந்த 25 லட்சத்துக்குள் அடங்கியது.

கையெழுத்திடும் முன்பு மற்றொரு கணக்கையும் போட்டேன். மாதத் தவணை ஏறத்தாழ 58,300. பன்னிரண்டு ஆண்டுகள் தவறாது கட்டிய பின்பும், சித்தப்பா ஓய்வு பெறும் நாளில், ஏறத்தாழ 40 லட்சம் மீதி நிற்கும். அன்று தம்பி ஒருவனே அதனைத் தாங்க வேண்டும். வங்கி தரச் சம்மதித்தது என்பது, தனக்கு ஈடு போதும் என்று அது கண்டதைத்தான் காட்டும். நம் குடும்பத்துக்குப் போதும் என்பதை அது சொல்லாது. அந்தத் தாளைத் தம்பியிடமே கொடுத்தேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "அப்பாவுக்கு வரும் ஓய்வூதியக் கொடைப்பணத்தை இதில் கட்டிவிடுவோம், அண்ணா" என்று சொல்லிக் கையெழுத்திட்டான்.