மவுஸை விடுங்கள், Alt-ஐப் பிடியுங்கள்

கிள்ளான் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஃபார்வர்டிங் ஆபிசில் வேலை கேட்டுப் போகிறீர்கள். சோதனைக்கு ஒரு இன்வாய்ஸ் பிடிஎஃப் தருகிறார்கள். கே1 இறக்குமதி அறிவிப்புக்குத் தேவையான விவரங்களை எக்செலில் ஏற்ற வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் ஒவ்வொரு வரிக்கும் மவுஸை டாஸ்க்பாருக்கு இழுத்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு அது வேண்டாம்.

1. இடது கட்டைவிரலால் Alt-ஐ அழுத்திப் பிடியுங்கள். Tab-ஐ ஒருமுறை தட்டுங்கள். திறந்திருக்கும் விண்டோக்கள் சின்னச் சின்னப் படங்களாக வரும். வேண்டியது வரும்வரை Tab-ஐத் தட்டி, Alt-ஐ விடுங்கள். தாண்டிப் போய்விட்டால் Shift-ஐயும் சேர்த்துத் தட்டினால் பின்னால் வரும். மனம் மாறினால் Esc. புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: Alt-ஐ உடனே விட்டுவிடுகிறார்கள், பட்டியலைப் பார்க்கவே முடிவதில்லை.

2. அந்தப் பட்டியலின் வரிசை, கடைசியாக எதைப் பயன்படுத்தினீர்களோ அது முன்னால் என்பது. பிடிஎஃபிலிருந்து எக்செலுக்கு வந்தால், ஒரே தட்டு உங்களைப் பிடிஎஃபுக்குத் திருப்பும், அடுத்த தட்டு எக்செலுக்கு. ஐம்பது வரி இருந்தாலும் கண் கீபோர்டுக்கு இறங்க வேண்டாம்.

3. பிரச்சினை வாட்ஸ்அப்பில் வரும். எக்செலில் இருக்கும்போது பாஸ் மெசேஜ் அனுப்புகிறார், திறந்து பதில் சொல்கிறீர்கள். இப்போது வரிசை: வாட்ஸ்அப், எக்செல், பிடிஎஃப். ஒரு தட்டில் எக்செலுக்கு வருவீர்கள். ஆனால் அடுத்த தட்டு பிடிஎஃபுக்குப் போகாது, மறுபடி வாட்ஸ்அப்தான். கீ கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். எக்செலில் நின்று, Alt-ஐ விடாமல் Tab-ஐ இரண்டு முறை தட்டிப் பிடிஎஃபுக்குப் போங்கள். பழைய ஜோடி மறுபடி சேர்ந்துவிடும், வாட்ஸ்அப் மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்படும்.

4. இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் ஒரே குரோம் விண்டோவில் இரண்டு டேப்களாக இருந்தால் Alt+Tab அவற்றைத் தனித்தனியாகக் காட்டாது. அங்கே Ctrl+Tab. இல்லையென்றால் ஒரு டேப்பை வெளியே இழுத்துத் தனி விண்டோ ஆக்குங்கள். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் செய்வேன். மேக் வைத்திருப்பவர்களுக்கு Command+Tab, ஆனால் அது புரோகிராம் விட்டுப் புரோகிராம் தாவும். ஒரே புரோகிராமின் விண்டோக்களுக்கு Command உடன் ` கீ.

5. பட்டியல் தெரியும்போது Delete-ஐத் தொடாதீர்கள். விண்டோஸ் 10, 11-இல் தேர்ந்திருக்கும் விண்டோ மூடிக்கொள்ளும்.

6. மீட்டிங்கில் முழுத் திரையையும் ஷேர் செய்துகொண்டு Alt+Tab தட்டினால், உங்கள் விண்டோக்கள் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் வேறொரு கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருக்கும் வேலை விண்ணப்பமும் அதில் இருக்கலாம். ஷேர் செய்யும்போதே 'ஒரு விண்டோ மட்டும்' என்பதைத் தேர்ந்துவிடுங்கள். புது வேலை கையில் வரும்வரை பழைய பாஸுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.